‘மழை ஆஃபர், நாளைக்குள்ள வேணும்’

சொந்தமாக டிசைனர் வைத்திருக்கும் கம்பெனிகளில் விளம்பரப் படத்துக்கான வேலை பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே தொடங்குகிறது. மார்க்கெட்டிங் மேனேஜர் தன் நாற்காலியில் இருந்தபடியே திரும்பி, “தம்பி, மழை ஆஃபர் ஒண்ணு போடறோம். பளிச்சுனு இருக்கணும். நாளைக்குள்ள வேணும்” என்கிறார். டிசைனரும் “சரிங்க சார்” என்று தலையாட்டிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிவிடுகிறார். இதே வேலையை வெளி ஏஜென்சிக்குக் கொடுத்தால் அந்த மேனேஜர் ஒரு பக்கமாவது எழுதித்தான் அனுப்புவார். எழுதாவிட்டால் அவர்களே கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு வாங்கிக்கொள்வார்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு யாரும் எழுதுவதில்லை.

அந்த ஒரு பக்கத்துக்கு விளம்பரத் துறையில் பிரீஃப் என்று பெயர். யாருக்காகப் படம், அதில் என்ன சொல்ல வேண்டும், எதைக் காட்டக் கூடாது, எந்தெந்த அளவில் வேண்டும், யார் பார்த்து ஒப்புதல் தருவார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அது இல்லாதபோது முடிவுகள் எடுக்கப்படாமல் போவதில்லை, டிசைனர் எடுக்கிறார். எந்த ஊர் மழை, எந்தப் பொருள், எவ்வளவு தள்ளுபடி என்பதை அவராகவே ஊகிக்கிறார். மஞ்சள் குடை பிடித்துச் சிரிக்கும் வெளிநாட்டுப் பெண், சாம்பல் வானம், ஒரு மின்னல், நடுவில் பெரிதாக ‘40%’ என்று படம் தயாராகிறது. “இது இல்லப்பா” என்று மேனேஜர் சொல்லும்போதுதான் பிரீஃப் துண்டுதுண்டாக வாயிலிருந்து வெளிவரத் தொடங்குகிறது. அதற்குள் ஒரு நாள் போய்விடுகிறது.

ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட, குடை, ரெயின்கோட், செருப்பு, பள்ளிப் பை விற்கும் நிறுவனம். பொள்ளாச்சி, தென்காசி, நாகர்கோவில், சென்னை ஆகிய ஊர்களில் கிளைகள் உண்டு. இணையத்திலும் விற்பனை நடக்கிறது. ஜூன் 12 முதல் 21 வரை மழைக்கால விற்பனை. மேனேஜர் தன் டிசைனருக்கு எழுத வேண்டிய பிரீஃப் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம்.

முதல் கேள்வி, எந்த மழை? தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் தொடங்குவதற்கு இந்திய வானிலை ஆய்வு மையம் வைத்திருக்கும் வழக்கமான தேதி ஜூன் 1. அதையொட்டித் தென்காசியில் சாரல் விழத் தொடங்கும், குற்றாலத்தில் சீசன் களைகட்டும். நாகர்கோவிலிலும் மழை உண்டு. பொள்ளாச்சிக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக் காற்று வந்துவிடும். கோவையில் குளிர்ந்த காற்றும் தூறலுமாக இருக்கும். சென்னையிலோ ஜூன் என்பது வெயில் மாதம். எப்போதாவது மாலையில் ஓர் இடிமழை வந்து போகுமே தவிர, ஆண்டு மழையின் பெரும்பகுதி அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் பெய்கிறது. ஜூன் 12 அன்று வியர்வை வழிய பஸ்ஸுக்கு நிற்கும் சென்னைக்காரருக்குக் கொட்டும் மழையைக் காட்டினால், அந்த விளம்பரம் வேறு யாருக்கோ என்று எண்ணி அவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

ஆகவே மேனேஜர் இரண்டு முகப்புகள் கேட்கிறார். கோவை, பொள்ளாச்சி, தென்காசி, நாகர்கோவிலுக்கு மழைப் படம். சென்னைக்கு அதே பொருள்களை வைத்துப் பள்ளி திறக்கும் பருவத்துக்கான படம். ஒரே விற்பனைதான், ஒரே விலைதான், பின்னணி மட்டும் வேறு. இந்த முடிவை டிசைனரால் எடுக்க முடியாது. எந்தக் கிளையில் எந்தப் பொருள் நகர்கிறது என்ற கணக்கு அவரிடம் கிடையாது.

அடுத்தது தள்ளுபடி. படம் பார்க்க எவ்வளவு நன்றாக வந்தாலும் பிறகு வாடிக்கையாளர் கடை வாசலில் நின்று சத்தம் போடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நம் கடையில் குடைக்கும் ரெயின்கோட்டுக்கும் 20%, ரப்பர் செருப்புக்கும் மழை ஷூவுக்கும் 30%, போன வருடத்து மாடல் பைகளுக்கு மட்டும் 40% என்று வைத்துக்கொள்வோம். ‘40% வரை’ என்று போட எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். டிசைனரிடம் இதை மட்டும் சொல்லிவிட்டால் அவர் 40-ஐப் பெரிதாக்கி, ‘வரை’யை அதன் காலடியில் ஒட்டுவார். பெரிய எண்தான் கண்ணை இழுக்கும் என்பது அவர் கற்ற பாடம். ஆனால் மழைக்கோட்டு வாங்க வந்த தாய்க்குக் கிடைப்பது 20% மட்டுமே. 40% கிடைப்பது அவர் தேடி வராத பழைய மாடல் பைக்கு.

என் கருத்தில் இந்த விற்பனைக்குத் தலைப்பு ‘எல்லாக் குடைக்கும் ரெயின்கோட்டுக்கும் 20% தள்ளுபடி’ என்பதாகவே இருக்க வேண்டும். எண் சிறியதுதான். ஆனால் ‘வரை’ இல்லை, நட்சத்திரக் குறி இல்லை, கவுன்டரில் விளக்கம் சொல்லும் வேலையும் இல்லை. 30-ம் 40-ம் இரண்டாவது, மூன்றாவது படங்களில் அந்தந்தப் பொருளோடு சேர்ந்தே வரட்டும்.

சட்டமும் இதில் இருக்கிறது. தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், விளம்பரத்தில் நிபந்தனைக் குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்கின்றன. தலைப்பு எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும். அதே எழுத்துருவில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். தமிழில் பெரிய தலைப்பைப் போட்டுவிட்டு, கீழே ஆங்கிலத்தில் எறும்பு எழுத்தில் நிபந்தனைகளை அடுக்குவது நம் ஊரில் பரவலான பழக்கம். அதற்கு இந்த நெறிகளில் இடமில்லை. சொன்ன விலையில் விற்கப் போதுமான சரக்கு இல்லாமலே ஆசை காட்டி அழைக்கக் கூடாது என்றும் அதே நெறிகள் சொல்கின்றன. பழைய மாடல் பைகள் குறைந்த எண்ணிக்கையில்தான் இருக்கின்றன என்றால் அதையும் அந்தப் படத்திலேயே தெளிவாக எழுத வேண்டும். இந்த வாக்கியங்களை மேனேஜர் பிரீஃபிலேயே முழுதாக எழுதித் தந்துவிட வேண்டும். “கீழ நிபந்தனை போட்டுக்கப்பா” என்று சொல்லி விட்டால், போன வருடத்து விளம்பரத்தில் இருந்த நிபந்தனையே இந்த வருடமும் வந்து உட்காரும்.

இவ்வளவும் முடிவான பிறகு பிரீஃப் இப்படி அமையும்:

“விற்பனை ஜூன் 12 காலை தொடங்கி ஜூன் 21 இரவு கடை மூடும்வரை. பார்ப்பவர்: பள்ளி செல்லும் பிள்ளைகளின் பெற்றோர், பெரும்பாலும் கைபேசியில். முதல் படத்தில் சொல்ல வேண்டிய ஒரே செய்தி: எல்லாக் குடைக்கும் ரெயின்கோட்டுக்கும் 20% தள்ளுபடி. காட்ட வேண்டிய பொருள்: பிள்ளைகளின் நீல நிற ரெயின்கோட், கறுப்பு மடக்குக் குடை. இரண்டையும் நம் கோவைக் கிடங்கில் எடுத்துப் படம் பிடிக்கலாம். இணையத்தில் வாங்கும் படம் வேண்டாம், நாம் விற்காத குடை அதில் வந்துவிடும். காட்டக் கூடாதவை: தேங்கிய வெள்ளம், மின்னல், முறிந்த மரம், தண்ணீரில் இறங்கி விளையாடும் குழந்தை, அருவியில் குளிப்பவர்கள். சென்னைக்கு மழை இல்லாத பின்னணி. எழுத வேண்டிய வரிகள் தனிக் கோப்பில் இருக்கின்றன, அதிலிருந்தே எடுத்து ஒட்டவும். மே 29-க்குள் மூலப் படம் ஒன்று மட்டும். அது ஒப்புதல் ஆன பிறகே மற்ற அளவுகள். ஒப்புதல் தருபவர் நான் ஒருவர்தான்.”

இதில் ‘பளிச்சென்று’ என்ற சொல் இல்லை. பளிச்சென்று இருப்பதற்கு என்ன செய்வது என்பது டிசைனரின் தொழில், அதை அவரிடமே விட்டுவிடலாம். ஆனால் மழைக்கால விளம்பரத்துக்கே உரிய இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. அவற்றை மேனேஜரும் தெரிந்து வைத்திருந்தால் படத்தைப் பார்க்கும்போது சரியான கேள்வியைக் கேட்பார்.

ஒன்று, மழைக்கான பொருள்கள் பெரும்பாலும் அடர்நிறம். கறுப்புக் குடை, கருநீலக் கோட்டு, பழுப்புச் செருப்பு. மழை என்றதும் மனதில் வரும் பின்னணியும் கருமேகமும் சாம்பலும்தான். இரண்டையும் சேர்த்தால் விற்க வேண்டிய பொருள் பின்னணியில் கரைந்துவிடும். கணினித் திரையில் பெரிதாகப் பார்க்கும்போது இது தெரியாது. தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கைபேசியில் தெரியும் அளவுக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். குடையின் விளிம்பு எங்கே முடிகிறது என்று உடனே சொல்ல முடியவில்லை என்றால் பின்னணி தவறு. மழை விட்டதும் வெயில் தட்டும் ஈரத் தரை, நனைந்த வெளிர் பச்சை, சுண்ணாம்பு அடித்த சுவர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை வைத்தால் கறுப்புக் குடை தனியாக எழுந்து நிற்கும். எழுத்துக்கும் இதே சோதனையைச் செய்யலாம்.

மற்றொன்று மழைக் கோடுகள். படத்தின் மேல் மெல்லிய வெள்ளைக் கோடுகளைச் சாய்வாக இறைத்தால் மழை வந்துவிடும் என்பது எல்லா டிசைனருக்கும் கைவந்த வித்தை. ஆனால் படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைக்கு இந்த நுண்ணிய கோடுகள்தான் பெரிய எதிரி. ஜேபெக் முறை, அருகருகே உள்ள புள்ளிகள் ஒரே மாதிரி இருக்கும் இடங்களில்தான் இடத்தை மிச்சப்படுத்துகிறது. ஆயிரக்கணக்கான கோடுகள் குறுக்கே போனால் மிச்சப்படுத்த எதுவும் இருக்காது, கோப்பின் எடை ஏறிவிடும். கூகுளில் நாமே ஏற்றும் பேனர் படங்களுக்கு உச்ச எடை 150 கேபி. அதற்குள் அடக்க அழுத்தினால் மழை அழுக்குத் திட்டாக மாறிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கும். தலைப்பு எழுத்துகளின் ஓரத்தில் கொசு மொய்த்தாற்போலத் தெரிவது இதனால்தான். மழையைக் கோடுகளால் காட்டாமல் அது விட்டுச் சென்ற தடங்களால் காட்டச் சொல்லலாம். குடைத் துணியில் நிற்கும் துளிகள், கோட்டின் தோளிலிருந்து வழியும் நீர், தரையில் தெரியும் நிழல் போதும். கோடுகள் வேண்டுமென்றே வேண்டும் என்றால் பின்னணியில் மட்டும், மங்கலாக இருக்கட்டும். எழுத்தின் மேல் ஒன்றுகூட வரக் கூடாது.

இனி, எத்தனை படம் என்பது. “எல்லா சைஸும் போட்டுடு” என்று சொல்வது எளிது. அந்த ‘எல்லா’ எவை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நம் கடைக்கு இன்ஸ்டாகிராம் பதிவுக்கு 1080-க்கு 1350, ஸ்டோரிக்கு 1080-க்கு 1920, கூகுள் பேனருக்கு 300-க்கு 250, இணையதள முகப்பு, வாட்ஸ்அப்புக்கு ஒரு சதுரம், கடை வாசல் ஃப்ளெக்ஸ் என்று ஆறு வடிவங்கள் போதும். இரண்டு முகப்புகளுக்கும் சேர்த்து 12 கோப்புகள். இவை ஒரே படத்தின் சிறிதும் பெரிதுமான பிரதிகள் அல்ல. ஸ்டோரி நெடியது. அதன் உச்சியில் கணக்கின் பெயரும், அடியில் பதில் எழுதும் பெட்டியும் பொத்தானும் வந்து உட்காரும். ஆகவே மேலே சுமார் 250 புள்ளிகளும் கீழே சுமார் 340 புள்ளிகளும் எழுத்து இல்லாமல் விடப்பட வேண்டும். நிபந்தனை வரியைப் படத்தின் அடியில் வைத்துப் பழகிய கை, ஸ்டோரியிலும் அங்கேயே வைக்கும். பொத்தான் அதை மறைக்கும். நிபந்தனை மறைந்தால் மேலே சொன்ன சட்டப் பிரச்சினை திரும்பி வரும். 300-க்கு 250 பேனரில் குடை, கோட்டு, தலைப்பு, தேதி, கடைப் பெயர் எல்லாவற்றையும் திணித்தால் ஒன்றும் தெரியாது. அதில் ஒரு குடை, ‘20%’, கடைப் பெயர், இவ்வளவுதான் என்பதையும் மேனேஜர்தான் சொல்ல வேண்டும். எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிக்கும் உரிமை டிசைனருக்கு யாரும் தருவதில்லை, அதனால் அவர் எதையும் விடாமல் சேர்ப்பார்.

ஃப்ளெக்ஸ் அச்சுக்குப் போகும் படத்துக்கு வேறு எச்சரிக்கை தேவை. திரையில் ஒளிரும் நீலம், மையில் அப்படி வராது, கொஞ்சம் மங்கும். மழைப் படமோ முழுக்க நீலத்தை நம்பியது. அதனால் அச்சுக்கு முன் ஒரு சிறிய துண்டை அச்சகத்தில் அடித்துப் பார்த்துவிட இரண்டு நாள் கூடுதலாக வைக்க வேண்டும்.

தமிழ் எழுத்து பற்றியும் சொல்லியாக வேண்டும், நம் ஊரில் பல படங்கள் கெட்டுப்போவது இதில்தான். மேனேஜர் கைபேசியில் தட்டும் தமிழ் யூனிகோடு. பல டிசைனர்கள் இன்னும் விரும்பிப் பயன்படுத்தும் அழகிய தலைப்பு எழுத்துருக்கள் பழைய குறியீட்டில் அமைந்தவை. யூனிகோடு வரியை அப்படியே அதில் ஒட்டினால் எழுத்து வராது. உடனே டிசைனர் அதைப் பார்த்துத் தானே மறுபடி தட்டச்சு செய்கிறார். ‘தள்ளுபடி’ ‘தள்ளுப்படி’ ஆவதும், 21 என்பது 12 ஆவதும் இந்த இடத்தில்தான். யூனிகோடு எழுத்துருவிலேயே செய்தாலும் பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பை இயக்காவிட்டால் ‘கொ’, ‘தே’ போன்றவற்றில் கொம்பு இடம் மாறி நிற்கும். “சார், நீங்க அனுப்புனது ஸ்கிரீன்ஷாட்டுங்க, எழுத்தா அனுப்புங்க” என்று டிசைனர் கேட்டால் மேனேஜர் அலுத்துக்கொள்ளக் கூடாது. எழுத்தாக அனுப்பினால் ஒட்டலாம், படமாக அனுப்பினால் மறுபடி தட்டியாக வேண்டும். முடிந்த படத்திலிருந்து ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்து மூலக் கோப்போடு ஒப்பிடும் வேலை, படத்தைச் செய்யாத இன்னொருவருக்குத் தரப்பட வேண்டும். செய்தவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. தமிழில் மேலே நிற்கும் புள்ளியும் விசிறியும் உண்டு. வரிகளை நெருக்கினால் மேல் வரியின் ‘கு’வின் வால் கீழ் வரியின் ‘ரி’யின் தலையில் இடிக்கும். ஆங்கிலத்துக்கு அமைத்த வரி இடைவெளியை அப்படியே வைக்க முடியாது.

மூலப் படம் ஒப்புதல் ஆகும்வரை மற்ற அளவுகளைத் தொடக் கூடாது என்று பிரீஃபில் எழுதியதற்குக் காரணம் கணக்குதான். தலைப்பில் ஒரு சொல் மாறினால் மூலப் படத்தில் ஒரு திருத்தம். 12 கோப்பும் முடிந்தபின் மாறினால் 12 திருத்தம், அதில் ஒன்று விட்டுப்போகும். பழைய தேதியோடு இருக்கும் அந்த ஒன்றுதான் எப்படியோ வாட்ஸ்அப்பில் சுற்றும். கோப்புப் பெயரில் ‘final’ என்ற சொல்லே வேண்டாம். `mazhai_story_tenkasi_v2.jpg` என்பதுபோல வடிவம், ஊர், பதிப்பு எண் இருந்தால் எது புதியது என்பதில் சண்டை வராது. ஒப்புதல் தருபவர் ஒருவர் என்பதும் இதன் பகுதிதான். முதலாளி, விற்பனை மேலாளர், கிளை மேலாளர் எல்லோரும் ஆளுக்கொரு கருத்தை டிசைனரிடம் நேராகச் சொன்னால் அவர் கடைசியாகப் பேசியவர் சொன்னதைச் செய்வார். கருத்துகள் மேனேஜரிடம் வரட்டும், அவர் தொகுத்து ஒரே முறை சொல்லட்டும்.

மழைக்கால விற்பனைக்கு மட்டுமே தேவைப்படும் ஒரு பத்தி பிரீஃபில் இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். பெரும்பாலான கம்பெனிகளில் அது இருப்பதில்லை. மழை விற்பனைப் பொருள் மட்டுமல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்கள் கண்ட மழையை அங்குள்ளவர்கள் மறக்க மாட்டார்கள். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் நிலச்சரிவு நடந்தது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான். அப்படி ஒரு காலையில் ‘மழையைக் கொண்டாடுவோம்’ என்ற படம் ஒருவர் கைபேசியில் வந்து நின்றால், அந்தக் கடையின் பெயரை அவர் வேறு விதமாக நினைவில் வைத்துக்கொள்வார். காட்டக் கூடாதவை பட்டியலில் வெள்ளமும் அருவியும் இருப்பது இதற்காகத்தான். குற்றாலத்தில் நீர்வரத்து அபாயமாக ஏறும்போது குளிக்கத் தடை விதிக்கப்படும். தடை இருக்கும் நாளில் அருவியில் குளிக்கும் குடும்பத்தை வைத்து ரெயின்கோட் விற்க முடியாது.

வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறத்தில் எச்சரிக்கை விடுகிறது. அதையே விதியாக எழுதிவிடலாம்: எங்கள் கிளை உள்ள மாவட்டத்துக்கு ஆரஞ்சு வந்தால் கொண்டாட்டத் தலைப்புள்ள படங்களை நிறுத்தி, பொருளும் விலையும் மட்டுமுள்ள எளிய படத்தைப் போடுவது. சிவப்பு வந்தால் அந்த மாவட்டத்துக்கான எல்லா விளம்பரத்தையும் நிறுத்துவது. நிறுத்துபவர் யார், இரவில் அவர் எண் எது என்பதும் அதில் இருக்க வேண்டும். டிசைனரிடம் அந்த எளிய படத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைக்க வேண்டும். எச்சரிக்கை வந்த இரவில் அவரை எழுப்பிச் செய்யச் சொல்லும் வேலை அல்ல அது. படங்களைப் பத்து நாளுக்கும் நேரம் குறித்துத் தானாகவே வெளியாகும்படி ஏற்றிவைக்கும் வழக்கம் இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது. யாரும் தொடாமலே அவை வந்துகொண்டே இருக்கும் என்பதால் இந்தப் பத்தி இன்னும் அவசியம்.

பிரீஃபின் கடைசி வரி, ஜூன் 21 இரவு எதை எதை இறக்க வேண்டும் என்பது. இணையதள முகப்பு, கூகுள் பேனர், இன்ஸ்டாகிராமில் நிலையாகப் பொருத்திய பதிவு, வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கின் முகப்புப் படம், ஐந்து ஊர்க் கடைகளின் வாசல் ஃப்ளெக்ஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர். விற்பனை முடிந்த மறுநாள் ஒருவர் அந்தப் ஃப்ளெக்ஸைக் காட்டி 20% கேட்டால், கொடுப்பதைத் தவிர கடைக்காரருக்கு நியாயமான வழி இல்லை.